பரீட்சைக்கு முந்தைய நாள்: நோர்வே மொழிப் பரீட்சைக்குச் செல்லும் வெஸ்ட்லி வாசிகளுக்கான வழிகாட்டல்

நோர்வே மொழிப் பரீட்சைக்கு (நொஷ்க்ப்ரேவ) பல மாதங்கள் படித்துத் தயாரான ஒருவர், மொழி தெரியாத காரணத்தால் அன்றி, பரீட்சை மண்டபத்துக்குள் அனுமதிக்கப்படாத காரணத்தால் வாய்ப்பை இழப்பதுண்டு. பிந்தி வருதல், செல்லுபடியாகாத அடையாள ஆவணத்தைக் கொண்டு வருதல், வேறொரு கட்டடத்துக்குச் சென்றுவிடுதல் ஆகிய மூன்றுமே இதற்கான வழமையான காரணங்கள். இம்மூன்றையும் முந்தைய நாளிலேயே சரிபார்த்துக்கொள்ள முடியும். தவறவிட்ட பரீட்சையை மறுநாளே எழுத இயலாது. அடுத்த பரீட்சைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். குடியுரிமை பெறுவதற்குரிய வாய்மொழித் தேர்ச்சி நிலை 2022 ஒக்டோபர் 1 முதல் ஏ2 இலிருந்து பி1 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. ஆகவே வாய்மொழிப் பரீட்சை ஒன்றைத் தவறவிடுவது, குடியுரிமை விண்ணப்பத்தையே பல மாதங்கள் பின்தள்ளிவிடக்கூடும்.

இவ்வழிகாட்டல் வெஸ்ட்லியிலும் அதனைச் சூழவுள்ள ஸ்தோவ்னர் பகுதியிலும் வசிக்கும் பரீட்சார்த்திகளுக்கானது. முந்தைய நாளில் செய்ய வேண்டிய மூன்று பணிகளை இது ஒழுங்கு முறையில் விளக்குகின்றது: அழைப்புக் கடிதத்தை வாசித்தல், அடையாள ஆவணத்தைச் சரிபார்த்தல், பரீட்சை நிலையத்துக்கான வழியை உறுதிசெய்தல்.

1. அழைப்புக் கடிதத்தை மீண்டும் வாசித்தல்

நோர்வே மொழிப் பரீட்சைக்குப் பொறுப்பான அரச நிறுவனம், உயர்கல்விக்கும் திறன் மேம்பாட்டுக்குமான பணிப்பகம் ஆகும். பரீட்சையை நேரடியாக நடத்துவது மாநகராட்சி. பரீட்சைக்குப் பதிவு செய்தவருக்கு, அவர் எங்கே, எப்போது சமுகமளிக்க வேண்டும் என்பதை அறிவிக்கும் அழைப்பு அனுப்பப்படும். இது கிடைத்த நாளில் ஒருமுறை வாசிக்கப்பட்டு, பின்னர் மறக்கப்பட்டுவிடுவதே வழக்கம். முந்தைய நாளில் அதனை எடுத்து, கையில் ஒரு பேனாவுடன் மீண்டும் வாசிக்க வேண்டும். மின்னஞ்சலாக வந்திருப்பின், அதனைத் தாளில் அச்சிட்டுக்கொள்வது நன்று. அச்சுப்பொறி இல்லாதவர்கள் முகவரியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.

கடிதத்தில் முதலில் தேட வேண்டியது சமுகமளிக்கும் நேரம். நோர்வேஜிய மொழியில் இது Oppmøte எனக் குறிக்கப்படும். பரீட்சை தொடங்கும் நேரம் வேறு, சமுகமளிக்கும் நேரம் வேறு. இவ்விரண்டு நேரங்களும் ஒரே கடிதத்தில் இருக்கும்போது, பெரியதாகக் கண்ணில் படுவதையே பலர் நினைவில் வைத்துக்கொள்கின்றனர். அடையாளம் சரிபார்த்தல், உடைமைகளை ஒப்படைத்தல், இருக்கையைக் காட்டுதல் ஆகியவை சமுகமளிக்கும் நேரத்துக்கும் தொடங்கும் நேரத்துக்கும் இடையில் நடைபெறும். எழுத்துப் பரீட்சை கணினியில் நடைபெறுவதால், உள்நுழைவதற்கும் அந்த இடைவெளி தேவைப்படும். பயணத்தைத் திட்டமிடும்போது சமுகமளிக்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். அந்த நேரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்வது போதுமானது.

இரண்டாவதாக, எந்தப் பகுதிக்கான அழைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். வாசிப்பு, கேட்டல், எழுத்து ஆகியவை ஒரு நாளிலும், வாய்மொழிப் பரீட்சை வேறொரு நாளிலும் வைக்கப்படுவது வழமை. எழுத்துப் பரீட்சைக்குச் சென்று வந்தவர், வாய்மொழிப் பரீட்சையும் அதே கட்டடத்தில், அதே நேரத்தில் நடைபெறும் என எண்ணிக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் உரிய அழைப்பைத் தனித்தனியே வாசிக்க வேண்டும்.

மூன்றாவதாக, முகவரி. ஒஸ்லோ மாநகராட்சியின் வளர்ந்தோர் கல்வி நிறுவனமான ஒஸ்லோ வே-ஓவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாடசாலைகள் உள்ளன. ஹெல்ஸ்ஃபிர், ரோசன்ஹோஃப், ஸ்குல்லெருட் என்பன அவற்றுட் சில. இவை மூன்றும் நகரின் வெவ்வேறு திசைகளில், வெவ்வேறு தொடருந்து நிலையங்களுக்கு அருகில் அமைந்துள்ளன. தாம் வகுப்புக்குச் செல்லும் பாடசாலையிலேயே பரீட்சையும் நடைபெறும் என்று கருதுவது பொதுவான தவறு. கடிதத்தில் உள்ள வீதியின் பெயர், கட்டட இலக்கம், அஞ்சல் இலக்கம், நுழைவாயில் பற்றிய குறிப்பு ஆகிய யாவற்றையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

அழைப்பைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் முதலில் மின்னஞ்சலின் தேவையற்ற அஞ்சல் பெட்டியையும், கைத்தொலைபேசியின் குறுஞ்செய்திகளையும் தேடிப் பார்க்க வேண்டும். அங்கும் கிடைக்காவிடில், பரீட்சை நடத்தும் அலுவலகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். இதனை அலுவலக நேரத்துக்குள் மட்டுமே செய்ய முடியும். எனவே கடிதம் வாசிக்கும் பணியை முந்தைய நாள் இரவுக்கு விடாமல், காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

2. அடையாள ஆவணம்

பரீட்சை மண்டப வாயிலில் பரீட்சார்த்தியின் முகம், பெயர், பிறந்த திகதி ஆகியன அவர் காட்டும் ஆவணத்துடனும், பதிவுப் பட்டியலுடனும் ஒப்பிடப்படும். இதற்குப் புகைப்படம் உள்ள, செல்லுபடியாகும் ஆவணம் ஒன்று தேவை. கடவுச்சீட்டு, நோர்வேயின் தேசிய அடையாள அட்டை, நோர்வே சாரதி அனுமதிப்பத்திரம், வதிவிட அனுமதி அட்டை, அகதிகளுக்கான பயண ஆவணம் ஆகியன பொதுவாகப் பயன்படுத்தப்படுகின்றன. எவை ஏற்றுக்கொள்ளப்படும் என்பது அழைப்பிலோ பரீட்சை பற்றிய அறிவித்தலிலோ குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலே முடிவானது.

ஆவணத்தை முந்தைய நாளில் கையில் எடுத்து நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும்.

அ) முடிவுத் திகதி. அனுமதிப்பத்திரம் பல ஆண்டுகளாகப் பணப்பையில் இருப்பதால் அது காலாவதியானதே பலருக்குத் தெரிவதில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தில் 4ஏ என்ற இலக்கத்தின் கீழ் உள்ளது வழங்கப்பட்ட திகதி. 4பி என்ற இலக்கத்தின் கீழ் உள்ளதே முடிவுத் திகதி. இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வது எளிது. நோர்வேயில் திகதி, நாள் முதலாகவும் மாதம் இரண்டாவதாகவும் எழுதப்படும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருப்பவரின் கையில் உள்ள அட்டை, திகதி கடந்ததாக இருக்கலாம். விண்ணப்பித்ததற்கான கடிதத்தில் புகைப்படம் இல்லாத காரணத்தால், அது அடையாள ஆவணத்தின் இடத்தை நிரப்பாது.

ஆ) பெயர். தமிழ்க் குடும்பங்களில் அதிக சிக்கலைத் தருவது இதுவே. நம்மவரின் பெயரில் தந்தையின் பெயர் முன்னே வரும், தலைப்பெழுத்தாகச் சுருங்கும், திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் சேரும். நோர்வே மக்கள் பதிவேட்டிலோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கூறுகள் தனித்தனியே உள்ளன. இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயர் இருக்க, இங்குள்ள பதிவேட்டில் கணவரின் பெயர் குடும்பப்பெயராகப் பதியப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் பட்டியலில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் இருவேறு நபர்களுடையவை போலத் தோன்றும். நோர்வேயில் பெயரை மாற்றிப் பதிந்தவர்களும், பழைய பெயருள்ள ஆவணம் தானாக மாறிவிடாது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆவணத்தையும் தனியே புதுப்பிக்க வேண்டும்.

இத்தகைய வேறுபாடு உள்ளவர் முந்தைய நாளிலேயே அழைப்பில் அச்சிடப்பட்டுள்ள பெயரையும் தம்மிடமுள்ள ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ள பெயரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அழைப்பில் உள்ள பெயருக்கு மிக நெருக்கமான ஆவணத்தையே கொண்டு செல்ல வேண்டும். நோர்வே சாரதி அனுமதிப்பத்திரத்திலும் நோர்வேயின் தேசிய அடையாள அட்டையிலும் பதினொரு இலக்கங்கள் கொண்ட பிறப்பு இலக்கம் உள்ளது. பெயரின் எழுத்துகளில் சிறு வேறுபாடு இருப்பினும், ஆள் ஒருவரே என்பதை இவ்விலக்கம் காட்டிவிடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அவ்விலக்கம் இராது. ஆகவே இரண்டும் உள்ளவர், நோர்வே ஆவணத்தை முதன்மையாகக் கொண்டு, கடவுச்சீட்டையும் உடன் எடுத்துச் செல்வது பாதுகாப்பானது. பெயர் முற்றிலும் வேறுபடுமாயின், வாயிலில் நின்று விளக்குவதை விட, முந்தைய நாளில் பரீட்சை அலுவலகத்துக்கு அறிவித்து அவர்களது பதிலைப் பெற்றுக்கொள்வதே தகும்.

இ) ஆவணத்தின் வடிவம். ஆவணத்தின் புகைப்படமோ, நகலோ, கைத்தொலைபேசித் திரையில் காட்டும் பதிப்போ போதும் என நம்பிச் செல்லக்கூடாது. பரீட்சை மண்டபத்தில் கைத்தொலைபேசியை நிறுத்தி ஒப்படைக்க வேண்டியிருக்கும். மின்கலம் தீர்ந்துவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இராது. மூல அட்டை அல்லது மூலக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். வங்கி அட்டையை அடையாளமாகக் காட்டும் பழக்கமுடையவர்கள், புதிதாகக் கிடைத்த அட்டையின் பின்புறத்தில் தமது புகைப்படம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். புதிய அட்டைகள் பலவற்றில் அது இல்லை.

ஈ) அது இப்போது எங்கே உள்ளது என்பது. கடவுச்சீட்டு பெரும்பாலும் வீட்டுப் பெட்டகத்திலோ, வேறொரு குடும்ப உறுப்பினரின் பையிலோ இருக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் வாகனத்துக்குள்ளோ மற்றொரு மேலங்கியின் பையிலோ இருக்கலாம். ஆவணத்தை முந்தைய நாள் மாலையில் பரீட்சைக்குக் கொண்டு செல்லும் பையினுள் வைத்து, அதன் பின்னர் வெளியில் எடுக்காமல் விட வேண்டும்.

புதிய கடவுச்சீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் காவல்துறை அலுவலகத்தில் முன்பதிவு செய்து சமுகமளிக்க வேண்டும். அதனை ஒரே நாளில் முடிக்க இயலாது. எனவே முந்தைய நாளில் ஆவணம் காலாவதியானது எனக் கண்டால் செய்யக்கூடியது ஒன்றே: செல்லுபடியாகும் வேறோர் ஆவணத்தைத் தேடுவது. அதுவும் இல்லையெனில் உடனே பரீட்சை அலுவலகத்துடன் பேச வேண்டும்.

3. வழியை உறுதிசெய்தல்

வெஸ்ட்லி, குருருட் பாதையின் இறுதி நிலையம். தொடருந்து இங்கிருந்தே புறப்படுவதால் இருக்கை கிடைக்கும்; எனினும் நகரத்துக்குள் செல்ல ஏறத்தாழ அரை மணிநேரம் தேவைப்படும். இங்கிருந்து 4, 5 ஆகிய இரு தொடர்களும் புறப்படுகின்றன. தினமும் நகர மையத்துக்குச் செல்பவர்கள், எது முதலில் வருகின்றதோ அதில் ஏறிவிடுவர். வெஸ்ட்லியிலிருந்து ஏக்கெர்ன் வரை இரண்டும் ஒரே பாதையில் செல்வதால், இடையிலுள்ள நிலையங்களுக்குச் செல்வோருக்கு இதனால் இழப்பு எதுவுமில்லை. ஆனால் ஏக்கெர்னுக்குப் பின்னர் இரண்டும் பிரிகின்றன. 5ஆம் தொடர் ஹாஸ்லே, கார்ல் பெர்னர்ஸ் பிளாஸ் வழியாக நேரே தெயன் சென்று நகர மையத்தை அடைகின்றது. 4ஆம் தொடரோ, 2016இல் திறக்கப்பட்ட லெரன் பாதையில் திரும்பி, சின்சன், ஸ்டூரோ, நீடாலன் என வடக்கே சுற்றி, மயோர்ஸ்துவன் வழியாகவே நகர மையத்துக்கு வருகின்றது.

பரீட்சை நாளில் இவ்வேறுபாடு பெரிது. ஹெல்ஸ்ஃபிர் நிலையத்துக்குச் செல்ல வேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 4ஆம் தொடரின் இறுதி நிலையம் பெர்க்கிரிஸ்தாலன்; அது ஹெல்ஸ்ஃபிரிலும் நின்று செல்லும். எனவே வரைபடத்தைப் பார்ப்பவருக்கு, மாறாமல் ஒரே தொடருந்தில் போய்விடலாம் என்று தோன்றும். ஆயினும் அது நகரின் வடபகுதி முழுவதையும் சுற்றி, நகர மையத்தைக் கடந்து, அதன் பின்னரே ஹெல்ஸ்ஃபிரை அடையும். 5ஆம் தொடரில் தெயன் வரை சென்று, அங்கே எதிர்த்திசையில் செல்லும் தொடருந்துக்கு மாறுவதே விரைவான வழி. தெயனுக்கு அடுத்தது என்ஷே, அதற்கு அடுத்தது ஹெல்ஸ்ஃபிர்.

தெயனில் மாறும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நகர மையத்திலிருந்து கிழக்கே வரும் 1, 2, 3, 4 ஆகிய தொடர்கள் ஹெல்ஸ்ஃபிருக்குச் செல்லும். ஆனால் அதே பக்கத்தில் நிற்கும் 5ஆம் தொடர், கார்ல் பெர்னர்ஸ் பிளாஸ் வழியாக மீண்டும் வெஸ்ட்லிக்கே வந்துவிடும். அவசரத்தில் முதலில் வந்த தொடருந்தில் ஏறுபவர் வந்த வழியே திரும்பிச் செல்ல நேரிடும். மேடையிலுள்ள திரையில் தொடர் இலக்கத்தைப் பார்த்த பின்னரே ஏற வேண்டும்.

வேறு நிலையங்களுக்கும் இதே முறையில் சிந்திக்கலாம். ரோசன்ஹோஃப் பக்கம் அழைக்கப்பட்டவருக்கு 5ஆம் தொடரில் கார்ல் பெர்னர்ஸ் பிளாஸ் பொருத்தமாக அமையும், மாற வேண்டியதில்லை. ஸ்குல்லெருட் செல்பவர் தெயனில் 3ஆம் தொடருக்கு மாற வேண்டும். ஹெல்ஸ்ஃபிருக்குப் போவது போல எந்தத் தொடரிலும் ஏற முடியாது.

நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுதல்

பயண நேரத்தை வீட்டிலிருந்து தொடங்கிக் கணக்கிடாமல், பரீட்சை மண்டப வாயிலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். வெஸ்ட்லியில் வசிக்கும் ஒரு பெண் ஹெல்ஸ்ஃபிரில் காலை 8.30 மணிக்குச் சமுகமளிக்க வேண்டும் எனக் கொள்வோம். கீழே தரப்படும் நிமிடங்கள் எடுத்துக்காட்டுக்கானவை. ஒவ்வொருவரும் தமது பயணத்துக்குரிய நேரத்தை ரூட்டர் செயலியில் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாயிலைத் தேடவும் கழிப்பறைக்குச் செல்லவும் மேலங்கியைக் கழற்றி வைக்கவும் 20 நிமிடங்கள் வேண்டும். எனவே அவர் 8.10க்குக் கட்டடத்தின் முன் நிற்க வேண்டும். ஹெல்ஸ்ஃபிர் நிலையத்திலிருந்து நடக்க 10 நிமிடங்கள் எனக் கொண்டால், நிலையத்தை அடைய வேண்டிய நேரம் 8.00. தெயனில் இறங்கி, மேடை மாறி, அடுத்த தொடருந்துக்குக் காத்திருந்து ஹெல்ஸ்ஃபிர் செல்ல 12 நிமிடங்கள் ஒதுக்கினால், அவர் 7.48க்குத் தெயனில் இறங்க வேண்டும். வெஸ்ட்லியிலிருந்து தெயனுக்கு 28 நிமிடங்கள் எனக் கணக்கிட்டால், 7.20க்குப் புறப்படும் தொடருந்தே அவர் ஏறக்கூடிய கடைசித் தொடருந்து.

இங்கே கணக்கை நிறுத்திவிடக்கூடாது. பகல் நேரத்தில் 5ஆம் தொடர் பொதுவாகக் கால் மணிக்கு ஒருமுறை செல்கின்றது. அந்த ஒரு தொடருந்து இரத்துச் செய்யப்பட்டால் 15 நிமிடங்கள் இழக்கப்படும். ஆகவே கடைசித் தொடருந்துக்கு முந்தைய தொடருந்தையே தமக்குரியதாகக் கொள்ள வேண்டும்: 7.05. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்க 10 நிமிடங்கள். வீட்டுக் கதவைப் பூட்ட வேண்டிய நேரம் 6.55.

இக்கணக்கைச் செய்து பார்த்த பின்னரே, வீட்டில் மாற்ற வேண்டிய ஏற்பாடுகள் தெரியவரும். பாலர் பாடசாலை திறப்பதற்கு முன்னரே தாய் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருந்தால், பிள்ளையை யார் கொண்டு சென்று விடுவது என்பதை முந்தைய நாளிலேயே முடிவுசெய்ய வேண்டும். இரவு வேலை முடித்து நேரே பரீட்சைக்குச் செல்பவர், வேலைத்தலத்திலிருந்து செல்லும் வழியைக் கணக்கிட வேண்டும். ஆவணமும் அவருடன் வேலைத்தலத்துக்கே செல்ல வேண்டும்.

செயலியில் பார்க்க வேண்டியவை

ரூட்டர் செயலியில் பயணத்தைத் தேடும்போது, இப்போதைய நேரத்துக்குத் தேடினால் கிடைக்கும் விடை மறுநாளுக்குப் பொருந்தாது. பரீட்சைத் திகதியைத் தெரிவுசெய்து, புறப்படும் நேரத்துக்குப் பதிலாகச் சென்றடையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். சனிக்கிழமையிலும் விடுமுறை நாளிலும் தொடருந்துகளின் இடைவெளி வேறுபடும் என்பதால் திகதி முக்கியமானது. செல்லுமிடமாக நிலையத்தின் பெயரை மட்டும் கொடுக்காமல், அழைப்பிலுள்ள வீதியின் பெயரையும் கட்டட இலக்கத்தையும் முழுமையாகத் தட்டச்சுச் செய்ய வேண்டும். அப்போதுதான் நடக்க வேண்டிய தூரமும் விடையில் சேரும்.

Buss for bane என்ற அறிவித்தல் உள்ளதா என்பதை முந்தைய நாள் மாலையிலும், பரீட்சை நாளன்று காலையில் எழுந்தவுடனும் பார்க்க வேண்டும். பராமரிப்புப் பணிகளால் பாதையின் ஒரு பகுதி மூடப்படும்போது தொடருந்துக்குப் பதிலாகப் பேருந்து விடப்படுவதை இது குறிக்கும். அப்பேருந்து வழமையான பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்காமல் வேறோர் இடத்தில் நிற்கலாம். வீதி நெரிசலுக்கும் உட்பட்டது. அத்தகைய நாளில் மேற்கூறிய கணக்குடன் மேலும் அரை மணிநேரத்தையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயணச்சீட்டையும் அன்றிரவே பார்த்துவிட வேண்டும். ஒஸ்லோ மாநகராட்சிப் பகுதி முழுவதும் முதலாம் வலயத்துக்குள் அடங்குவதால், வெஸ்ட்லியிலிருந்து நகருக்குள் எங்கு செல்லினும் அவ்வலயச் சீட்டே போதும். மாதச் சீட்டு வைத்திருப்பவர், அது பரீட்சை நாளன்று மாலை வரை செல்லுபடியாகுமா எனப் பார்க்க வேண்டும். சீட்டு கைத்தொலைபேசியில் இருப்பின், இரவில் அதனை மின்னேற்றி வைக்க மறக்கக்கூடாது.

வாகனத்தில் செல்ல எண்ணுபவர்கள் காலை நேர நெரிசலையும், வாகனத் தரிப்பிடத்தின் நேர எல்லையையும் கருத வேண்டும். தரிப்பிடக் கட்டணத்தைக் கைத்தொலைபேசி வழியே நீடிக்கும் பழக்கமுடையவர், மண்டபத்துக்குள் அதனைப் பயன்படுத்த முடியாது. வேறொருவர் வாகனத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவதாயின், அவருக்கும் முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

முன்னோட்டப் பயணம்

கட்டடத்துக்கு முன்னர் சென்றிராதவர், முந்தைய நாளிலோ அதற்கு முன்னரோ ஒருமுறை அங்கு சென்று வருவது மிகுந்த பயன் தரும். செல்லும்போது பரீட்சை நாளில் புறப்பட வேண்டிய அதே காலை வேளையில் செல்வது சிறந்தது. அப்போதுதான் தொடருந்தின் நெரிசலும் மாறுவதற்கு எடுக்கும் நேரமும் உள்ளபடி தெரியும். அது இயலாதெனில் பிற்பகலில் செல்வதும் நன்றே.

இப்பயணத்தில் மூன்று விடயங்களைக் கண்டறிந்து வர வேண்டும். நிலையத்தின் எந்த வாயிலால் வெளியேறினால் பரீட்சைக் கட்டடம் அருகில் உள்ளது என்பது முதலாவது. தவறான வாயிலால் வெளியேறினால் பெருவீதி ஒன்றைச் சுற்றி வர வேண்டியிருக்கும். கட்டடத்தின் எந்தக் கதவு பரீட்சார்த்திகளுக்குரியது என்பது இரண்டாவது. பல நிறுவனங்கள் இயங்கும் பெரிய கட்டடங்களில் கதவுகள் பல இருக்கும். நிலையத்திலிருந்து அக்கதவு வரை உண்மையில் எத்தனை நிமிடங்கள் நடக்க வேண்டும் என்பது மூன்றாவது. செயலி காட்டும் நேரம் இளைஞர் ஒருவரின் நடைக்குப் பொருந்தலாம். முழங்கால் வலியுள்ளவருக்கோ குழந்தை வண்டி தள்ளுபவருக்கோ பொருந்தாது.

இலையுதிர் காலப் பிற்பகுதியிலும் குளிர்காலத்திலும் பரீட்சை எழுதுபவர்கள் மேலும் ஒன்றை எதிர்பார்க்க வேண்டும். திசம்பர் மாதப் பிற்பகுதியில் ஒஸ்லோவில் காலை ஒன்பது மணிக்குப் பின்னரே சூரியன் உதிக்கின்றது. பிற்பகல் வெளிச்சத்தில் பார்த்து வந்த கட்டடம், காலை எட்டு மணி இருளில் வேறாகத் தெரியும். பெயர்ப்பலகை, எதிரிலுள்ள கடை, வெளிச்சமுள்ள சந்தி போன்ற இருளிலும் தெரியும் அடையாளங்களை மனத்தில் கொள்ள வேண்டும். வீதியில் பனிக்கட்டி உறைந்திருந்தால் நடைவேகம் பாதியாகக் குறையும். காலணியில் மாட்டும் பனிமுட்களை வாசலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

4. பையில் வைப்பவையும் வீட்டில் விடுபவையும்

பரீட்சைக்குக் கொண்டு செல்ல வேண்டியவை சிலவே. அகராதியோ குறிப்புப் புத்தகமோ பரீட்சையில் பயன்படுத்த அனுமதிக்கப்படமாட்டாது. எனவே அவற்றால் பையை நிரப்புவதில் பயனில்லை. வாசிப்புக் கண்ணாடி, செவிப்புலன் கருவி, அதற்குரிய மாற்று மின்கலம், வேளைக்கு உட்கொள்ள வேண்டிய மருந்து ஆகியன மறக்கப்படக்கூடாதவை. நீரிழிவு உள்ளவர்கள், உணவுப் பொருளை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பதை மண்டபப் பொறுப்பாளரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கூடுதல் நேரம் போன்ற சிறப்பு ஏற்பாடு ஏற்கெனவே வழங்கப்பட்டவர்கள், அதற்கான உறுதிக் கடிதத்தை உடன் கொண்டு செல்ல வேண்டும். இவ்வேற்பாட்டை முந்தைய நாளில் புதிதாகக் கோர முடியாது. பதிவு செய்யும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

பரீட்சை நாளில் திடீரென நோயுற்றவரும், வழியில் தடைப்பட்டவரும் அழைப்பிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். கைத்தொலைபேசி செயலிழந்தாலும் பயன்படும் வகையில், அவ்விலக்கத்தை முகவரி எழுதிய அதே தாளில் குறித்து வைப்பது நன்று.

முந்தைய நாள் இரவு, ஒருமுறை சரிபார்க்க

• சமுகமளிக்கும் நேரம் வட்டமிடப்பட்டுள்ளது. எந்தப் பகுதிக்கான பரீட்சை என்பது தெரியும்.
• முகவரி, நுழைவாயில், அலுவலகத் தொலைபேசி இலக்கம் ஆகியன தாளில் எழுதப்பட்டுள்ளன.
• மூல அடையாள ஆவணம் பையினுள் உள்ளது. முடிவுத் திகதி கடக்கவில்லை. பெயர் அழைப்புடன் ஒத்துள்ளது.
• பரீட்சைத் திகதிக்கான பயணம் செயலியில் பார்க்கப்பட்டுள்ளது. மாற்றுப் பேருந்து அறிவித்தல் உள்ளதா எனவும் பார்க்கப்பட்டுள்ளது.
• ஏற வேண்டிய தொடர் இலக்கமும், மாறும் நிலையமும், கடைசித் தொடருந்துக்கு முந்தைய தொடருந்தின் நேரமும் குறிக்கப்பட்டுள்ளன.
• பயணச்சீட்டு செல்லுபடியாகும், கைத்தொலைபேசி மின்னேற்றப்படுகின்றது.
• பிள்ளைகளுக்கான காலை ஏற்பாடு உரியவருக்குத் தெரியும்.
• கண்ணாடி, மருந்து, காலநிலைக்கேற்ற காலணி வாசலருகே உள்ளன.